'நெட்!' என்று கத்த ஒரு கோச் எதற்கு?

மாலை நேரத்தில் எந்தப் பள்ளி மைதானத்து வாலிபால் கோர்ட்டுக்குப் போனாலும் ஓரத்திலிருந்து இந்தக் குரல் கேட்கும். "நெட்!" அடுத்த சர்வீஸ். "அவுட்!" இன்னொன்று. "மறுபடியும் நெட்! என்னம்மா பண்ற?" புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார். அவர் சோம்பேறி இல்லை, ஒவ்வொரு பந்தையும் பார்க்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்கிறார். ஆனால் பந்து நெட்டில் விழுந்ததை அந்தப் பெண்ணும்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத எதையும் அவர் இன்னும் சொல்லவில்லை.

விளையாட்டு வீரருக்கு வெளியிலிருந்து வரும் தகவலைப் பயிற்சித் துறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது 'நாலெட்ஜ் ஆஃப் ரிசல்ட்ஸ்', சுருக்கமாக கே.ஆர். செய்த செயலின் விளைவு என்ன என்பது மட்டும் இதில் வரும்: பந்து கோட்டுக்கு அரை அடி வெளியே விழுந்தது, ஓட்டம் 13.4 விநாடி, அம்பு எட்டுப் புள்ளி வளையத்தில் பாய்ந்தது. இரண்டாவது 'நாலெட்ஜ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்', அதாவது கே.பி. அந்த விளைவு வரும்படி உடம்பு எப்படி அசைந்தது என்பது இதில் வரும்: அடிக்கும்போது முழங்கை தோளுக்குக் கீழே இருந்தது, கடைசி இரண்டு எட்டு குறுகிவிட்டது. முதலாவதை ரேங்க் கார்டு என்றால், இரண்டாவது சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த விடைத்தாள். இந்தக் கட்டுரைக்கு விளைவுக் குறிப்பு, அசைவுக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

"சூப்பர்", "கமான்", "இன்னும் நல்லா பண்ணு" ஆகியவை இந்த இரண்டிலும் சேராது. உற்சாகப்படுத்துவது நல்லதுதான், ஆனால் அதில் தகவல் எதுவும் இல்லை. 1979-இல் வாலஸ், ஹேக்லர் என்ற இரு ஆய்வாளர்கள், பழக்கமில்லாத கையால் கூடைப்பந்து எறியக் கற்றவர்களை இரண்டு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு நிற்கும் விதத்திலும் கை அசைவிலும் உள்ள பிழைகளைச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு உற்சாக வார்த்தைகள் மட்டும். பிழை சொல்லப்பட்டவர்களே நன்றாகக் கற்றார்கள்.

விளைவுக் குறிப்பு எப்போதும் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. வீரரால் விளைவைப் பார்க்க முடியாதபோது அது இன்றியமையாதது. 1932-இல் டிரோபிரிட்ஜ், கேசன் செய்த பழைய சோதனை ஒன்றில், கண்ணைக் கட்டிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு போடச் சொன்னார்கள். எதுவும் சொல்லப்படாதவர்கள் எத்தனை முறை போட்டும் தேறவில்லை. "சரி", "தப்பு" என்று மட்டும் கேட்டவர்கள் ஓரளவு தேறினார்கள். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளவோடு கேட்டவர்கள் எல்லோரையும்விட நன்றாகப் போட்டார்கள். நம் மைதானத்தில் இதற்கு நிகர் நீளம் தாண்டுதல். ஓடி வரும் பையன் முன்னால் பார்த்தபடி தாண்டுகிறான், பலகையில் தன் கால் எங்கே பட்டது என்று அவனுக்குத் தெரியாது. பலகையின் முன் விளிம்பிலிருந்துதான் டேப் பிடிப்பார்கள். எனவே பாதம் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் பட்டிருந்தால் அந்த 15 சென்டிமீட்டரும் போச்சு. பலகைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று "பதினைஞ்சு பின்னாடிடா" என்று சொல்லும் கோச் உண்மையான வேலை செய்கிறார். வாலிபால் சர்வீஸில் "நெட்" என்று சொல்பவர் செய்வது அதுவல்ல.

சர்வீஸையே எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வலது கைக்காரி, உயரம் சுமார் 150 சென்டிமீட்டர். ஓவர்ஹெட் ஃப்ளோட் சர்வீஸ் பழகுகிறாள். பத்தில் ஆறு ஏழு பந்து நெட்டில் போகிறது. அவளுக்கு 9 மீட்டர் தள்ளி நெட் இருக்கிறது. பெண்களுக்கான முழு உயரம் 2.24 மீட்டர். அவள் நின்றபடி கையை நிமிர்த்தினாலும் அந்த உயரத்தை எட்டமாட்டாள். ஆகவே பந்து அவள் கையைவிட்டுச் சற்று மேல் நோக்கிக் கிளம்பியே ஆகவேண்டும். பந்தை இறங்கவிட்டு அடித்தாலும், உள்ளங்கை பந்தின் மேல்பக்கம் பட்டாலும் நெட்தான்.

கோச் முதலில் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு இடம் மாறுவது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றால் பந்து எங்கே போகிறது என்பதுதான் தெரியும், அதாவது விளைவு மட்டும் தெரியும். அடிக்கும் கையின் பக்கமாக, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றால்தான் அசைவு தெரியும். அங்கே நின்று பந்தைப் பார்க்காமல் இருக்கப் பழகவேண்டும். புதியவர்களுக்கு இது மிகவும் கடினம், கண் தானாகப் பந்தின் பின்னால் போய்விடும். ஐந்தாறு சர்வீஸுக்கு அவள் இடது கையையும் பந்து மேலே போய் இறங்கும் பாதையையும் மட்டும் பார்க்கவேண்டும். அடுத்த ஐந்தாறுக்குக் கை பந்தைத் தொடும் இடத்தை மட்டும்.

இங்கே விளைவும் ஒரு துப்பாகக் கைகொடுக்கும், ஆனால் மாணவிக்கு அல்ல, கோச்சுக்கு. பந்து வேகமாகப் போய் நெட்டின் நடுவில் மோதுகிறதா, இல்லை மேலே எழும்பி, தளர்ந்து, நெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சரிகிறதா? முதலாவது என்றால் வலு இருக்கிறது, திசை கீழே போகிறது. பெரும்பாலும் பந்தை முன்னால் தள்ளித் தூக்கியிருப்பாள், அல்லது தாழ இறங்கவிட்டு அடித்திருப்பாள். இரண்டாவது என்றால் வலு சேரவில்லை. முழங்கை பின்னால் போகாமல் பந்தைத் தள்ளியிருப்பாள், அல்லது பந்து தலைக்குப் பின்னால் போனதால் சாய்ந்துகொண்டு அடித்திருப்பாள். "நெட்" என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி நேரெதிரான பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்ட மாணவிக்கு அடுத்த பந்தில் என்ன மாற்றுவது என்று தெரிவதில்லை. அவள் செய்வது ஒன்றுதான்: இன்னும் பலமாக அடிப்பாள். முன்னால் போன பந்தை இன்னும் பலமாக அடித்தால் இன்னும் வேகமாக நெட்டில் மோதும்.

நம் மாணவிக்கு முதலாவது வகை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் நின்று பார்த்த கோச்சுக்கு மூன்று பிழைகள் தெரிகின்றன. தூக்கிப் போடும் பந்து ஓர் எட்டு முன்னால் போகிறது. அதை எட்டிப் பிடிக்க உடம்பு வளைகிறது. முழங்கை தாழ்கிறது. ஆர்வமுள்ள புதிய கோச் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மாணவி தலையாட்டுவாள், அடுத்த பந்தில் மூன்றையும் நினைத்துக் குழம்பி எதையும் செய்யமாட்டாள். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், சங்கிலியில் எது முதலில் வருகிறதோ அதை. உடம்பு வளைவதும் முழங்கை தாழ்வதும் முன்னால் போன பந்தைத் துரத்துவதால் வந்தவை. தூக்குவது சரியானால் மற்ற இரண்டும் பாதி சரியாகிவிடும்.

அதைச் சொல்வதிலும் இரண்டு விதம் உண்டு. "பந்து முன்னாடி போயிடுச்சு" என்பது நடந்ததை விவரிப்பது. "வலது தோளுக்கு நேரா, ஒரு கை தூரம் முன்னாடி மட்டும் தூக்கு" என்பது அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்வது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். முன்னால் போனது என்று தெரிந்தாலும் அதை எப்படிச் சரிசெய்வது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஆடியவளுக்கு முதலாவதே போதும், மீதியை அவளே முடித்துக்கொள்வாள். சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. பந்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள், அடிக்க வேண்டாம், தரையில் விழவிடச் சொல்லுங்கள். முன்வைத்த இடது காலுக்குச் சற்று முன்னால், வலது தோளின் நேர்க்கோட்டில் விழுந்தால் சரி. அந்த இடத்தில் ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டுவிட்டால் கோச்சே தேவையில்லை. தூக்கிப் போடுவது மட்டுமே வேலை என்பதால், வட்டத்தில் விழுந்ததா இல்லையா என்பது அவள் கண்ணுக்கே தெரியும் விளைவாகிவிடுகிறது. அசைவைப் பற்றிய பேச்சை, பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விளைவாக மாற்றிக் கொடுப்பது நல்ல கோச்சுகளின் பழைய தந்திரம்.

அசைவுக் குறிப்பு உண்மையில் கூடுதல் பலன் தருகிறதா? 1992-இல் கெர்னோடில், கார்ல்டன் இருவரும் செய்த ஆய்வு இதற்கு ஏற்றது. பழக்கமில்லாத கையால் மென்மையான பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறியவேண்டும். நான்கு வாரம், 12 அமர்வுகள், நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு எறிந்த தூரம் மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு குழு தங்கள் எறிதலை வீடியோவில் பார்த்தது. மூன்றாவது குழுவுக்கு வீடியோவோடு, எந்த இடத்தைக் கவனிக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். நான்காவது குழுவுக்கு வீடியோவோடு, அடுத்த எறிதலில் எதை மாற்றவேண்டும் என்று சொன்னார்கள். கடைசி இரண்டு குழுக்களும் எறியும் பாங்கில் மட்டுமல்ல, தூரத்திலும் முந்தின. தூரம் மட்டும் கேட்டவர்கள் தூரத்தில்கூடப் பின்தங்கினார்கள். இதில் கவனிக்கவேண்டியது இரண்டாவது குழு. வீடியோ மட்டும் பார்த்தவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. இன்று எல்லா மைதானத்திலும் செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்து, "பாரு, எப்படிப் பண்றன்னு" என்று மாணவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். புதிதாகக் கற்பவர் அதில் தன் முகத்தையும் தலைமுடியையும் பார்ப்பார். "இடது கையை மட்டும் பாரு, பந்து எப்போ கையை விட்டுப் போகுதுன்னு பாரு" என்று சொன்னால்தான் அது பாடமாகும்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதற்கு வருகிறேன். விளைவும் அசைவும் ஒன்றுக்கொன்று முரண்படும் நேரம். இதை ஆன் ஜென்டைல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1972-லேயே தெளிவாக வகுத்துக் காட்டினார். ஒரு முயற்சி முடிந்ததும் இரண்டு கேள்விகள். நினைத்தபடி அசைந்தேனா? நினைத்த விளைவு வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் இல்லை என்றாலும் பெரிய குழப்பம் இல்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ஆபத்து குறுக்கே கிடக்கும் மற்ற இரண்டில்.

ஒன்று, அசைவு தவறு, விளைவு சரி. ஜென்டைல் இதற்கு வைத்த பெயர் 'சர்ப்ரைஸ்'. நம் மாணவி பந்தை வழக்கம்போல் முன்னால் தூக்கி, அவசரத்தில் கட்டைவிரல் பக்கம் பட்டு, பந்து எப்படியோ நெட்டின் மேல் உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுகிறது. தோழிகள் கைதட்டுகிறார்கள். கோச்சும் "வெரி குட்!" என்கிறார். அவள் எதைக் கற்றுக்கொண்டாள்? அந்த அசைவையே. பந்தைத் தாண்டவைப்பது மட்டுமே அளவுகோல் என்றால் சிறுவர்கள் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து உந்துவார்கள், பக்கவாட்டில் சுழற்றி அடிப்பார்கள். பதின்மூன்று வயதில் அது பாயின்ட் வாங்கித் தரும். எதிர்த்தரப்பு நன்றாக ரிசீவ் செய்யும் மட்டத்துக்குப் போனதும் அந்தச் சர்வீஸ் செத்துப்போகும், அப்போது அதைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

இன்னொன்று, அசைவு சரி, விளைவு தவறு. தூக்குவதைச் சரிசெய்ய ஆரம்பித்ததும் பெரும்பாலும் இதுதான் நடக்கும். பந்து இப்போது தோளுக்கு மேலே சரியாக நிற்கிறது. ஆனால் அவள் கை பழைய நேரத்துக்கே வருகிறது, பழைய இடத்தைத் தேடுகிறது. பந்து வானத்துக்குப் போகிறது, அவுட் ஆகிறது. முன்பு பத்தில் மூன்று தாண்டியது, இப்போது இரண்டு. விளைவை மட்டும் பார்க்கும் கோச் இந்த இடத்தில்தான் பயந்துபோய், "சரி விடு, பழையபடியே போடு" என்று சொல்லிவிடுவார். சொல்லவேண்டியது வேறு: "பந்து அவுட்டு, பரவாயில்லை. தூக்கினது சரி. அதையே திரும்பப் போடு." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். நெட்டும் கோடும் அவளிடம் தப்பு என்று சொல்லும்போது, சரியானதைச் சரி என்று சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது. இதற்காகவே சில நாட்களுக்கு நெட்டைத் தாழ்த்திக் கட்டலாம், அல்லது கோர்ட்டை மறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து அடிக்கச் சொல்லலாம். விளைவின் சத்தம் குறையும்.

இவ்வளவு படித்ததும் ஒவ்வொரு பந்துக்கும் அசைவுக் குறிப்பு கொடுக்கத் தோன்றும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1998-இல் வீக்ஸ், கோர்டஸ் இருவரும் 11 முதல் 14 வயதுப் பையன்களுக்குக் கால்பந்தில் த்ரோ-இன் எறியக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு எறிதலுக்கும் அசைவுக் குறிப்பு, இன்னொரு குழுவுக்கு மூன்றில் ஒரு எறிதலுக்கு மட்டும். எறியும் பாங்கில் முந்தியது குறைவாகக் கேட்ட குழு, பிறகு குறிப்பே இல்லாமல் எறியச் சொன்னபோதும் அதுவே. முந்தைய ஆண்டு ஜனெல் குழுவினரின் ஆய்வில், வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு எறிதலுக்குத்தான் குறிப்புக் கேட்டார்கள், ஆனாலும் நன்றாகக் கற்றார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பந்து கையைவிட்டுப் போன அடுத்த கணத்தில் உள்ளங்கையிலும் தோளிலும் ஓர் உணர்வு மிச்சமிருக்கும். அந்த உணர்வை அந்த விளைவோடு சேர்த்துப் பார்ப்பதுதான் கற்றல். கோச்சின் குரல் அதே கணத்தில் வந்து விழுந்தால், மாணவி தன் உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு அவரைக் கேட்கத் தொடங்குவாள். இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சர்வீஸ் போட்டதும் அவள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் உங்கள் முகத்தைப் பார்த்தால் அளவு மிஞ்சிவிட்டது. பயிற்சியில் பத்துக்கு எட்டு போடுகிறவள் போட்டியில் நீங்கள் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தடுமாறினாலும், இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம்.

ஆகவே பந்து போனதும் சில விநாடி பேசாமல் இருங்கள். பேசத் தொடங்கும்போதும் பதிலைச் சொல்லாமல் கேளுங்கள். "தூக்கினது எங்க போச்சும்மா?" முதல் வாரம் "தெரியலை சார்" என்பாள். அப்போது சொல்லிக்கொடுங்கள். பிறகு "கொஞ்சம் முன்னாடி போச்சோ?" என்பாள். அவள் சொல்வதும் நீங்கள் பார்த்ததும் ஒத்துப்போகத் தொடங்கியதும் நீங்கள் பின்வாங்கலாம். பத்துப் பந்துக்கு ஒரு முறை பேசினால் போதும். ஏதோ ஒரு பந்து மிக மோசமாக விலகினால் மட்டும் இடையில் ஒரு வார்த்தை. நன்றாக வந்த பந்துக்குப் பிறகும் குறிப்புக் கொடுங்கள்: "இப்போ தூக்கினதுதான் சரியான இடம்." பிழைக்கு மட்டுமே வாய் திறக்கும் கோச்சிடம் மாணவர்கள் எது தவறு என்று கற்பார்கள், எது சரி என்று கற்கமாட்டார்கள்.

சொல்லும் சொற்களையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2002-இல் காப்ரியேல் வுல்ஃப் குழுவினர் இதே வாலிபால் சர்வீஸில் சோதித்தார்கள். கை, மணிக்கட்டு, உடல் எடை என்று உடம்பைக் குறித்துப் பேசிய குறிப்புகளைவிட, அதே கருத்தைப் பந்தையும் இலக்கையும் குறித்துச் சொன்னபோது சர்வீஸ் குறிக்கு நெருக்கமாக விழுந்தது. "இடது கையை நேரா உயர்த்து" என்பதைவிட "பந்து சுத்தாம நேரா மேலே போகட்டும்" என்பது மேல். இரண்டுமே அசைவுக் குறிப்புதான், மாணவியின் கவனம் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் வேறு.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நீங்கள் தவறாகச் சொன்னாலும் அவள் நம்புவாள். 1992-இல் பூக்கர்ஸ், மேகில், ஹால் மூவரும், நகர்ந்து வரும் விளக்குக்குச் சரியான நேரத்தில் வினையாற்றும் ஒரு சோதனையில் வேண்டுமென்றே தவறான விளைவைச் சொன்னார்கள். பங்கேற்றவர்களால் தங்கள் கண்ணாலேயே சரியா தவறா என்று பார்க்க முடியும். ஆனாலும் அவர்கள் சொல்லப்பட்டதையே நம்பித் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் விளைவிலேயே இப்படி என்றால், மாணவி தன் கண்ணால் பார்க்கவே முடியாத முழங்கையைப் பற்றி நீங்கள் சொல்வதை எதை வைத்துச் சரிபார்ப்பாள்? ஒரே ஒரு பந்தைப் பார்த்துவிட்டு முழங்கை தாழ்கிறது என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு பந்தில் அதே பிழை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவை வந்து மறைவது பிழை அல்ல, தற்செயல். உறுதியில்லை என்றால் பேசாமல் இன்னும் நான்கு பந்து பாருங்கள்.

போட்டியில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். நடுவர் விசில் ஊதியதிலிருந்து 8 விநாடிக்குள் பந்தை அடித்தாகவேண்டும். டைம் அவுட் கேட்டாலும் கிடைப்பது 30 விநாடி. அந்த நேரத்தில் முழங்கை, பாதம், தூக்கும் உயரம் பற்றிப் பேசினால், தானாக ஓடிக்கொண்டிருக்கும் அசைவை அவள் துண்டுதுண்டாக யோசிக்கத் தொடங்குவாள். ஐந்தாம் இடத்தில் நிற்கும் பெண் ரிசீவ் செய்யத் திணறுகிறாள் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள், அல்லது ஐந்து விரலைக் காட்டுங்கள். தூக்கிப் போடுவதைப் பற்றி மறுநாள் மாலை, சுண்ணாம்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொள்ளலாம்.